ஒரே வீடு, நாலு பேர், இரண்டு ஏசி: வாடகையையும் கரண்ட் பில்லையும் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில 3 பெட்ரூம் வீடு, வாடகை 30,000. மூணு ரூமும் மூணு சைஸ். பெரிய ரூம்ல ரெண்டு பேர், மத்த ரெண்டுல ஆளுக்கு ஒருத்தர். தலைக்கு 7,500னு பிரிச்சா சரியா?

ரூம்கள் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்து, எல்லாரும் தனித்தனியாக இருந்தால் சரி. இங்கே அப்படி இல்லை. வாடகையை இரண்டு கூறாகப் பாருங்கள். ஹால், கிச்சன், பொது பாத்ரூம் ஆகியவை நாலு பேருக்கும் சமம், அதனால் அந்தப் பங்கு தலைக்கு இவ்வளவு என்று போகும். கதவைச் சாத்திக்கொள்ளும் இடம் அந்த ரூம்காரருக்கு மட்டும் உரியது, அதனால் அது சதுர அடிக்கு இவ்வளவு என்று போகும்.

அளவெடுக்கும்போது ஹவுஸ் ஓனர் சொன்ன சதுர அடியை எடுக்காதீர்கள். அதில் சுவரும், பல சமயம் படிக்கட்டும் லிஃப்டும் கூடச் சேர்ந்திருக்கும். டேப்பை வைத்து உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை நீங்களே அளந்துவிடுங்கள். அட்டாச்டு பாத்ரூமை அந்த ரூமோடு சேர்க்கவேண்டும். அந்த ரூம் வழியாக மட்டும் போகமுடிகிற பால்கனி இருந்தால் பாதி அளவாகச் சேர்ப்பது என் வழக்கம், ஏனென்றால் துணி காயப்போட அங்கே மற்றவர்களும் வருவார்கள்.

அளந்து பார்த்ததில் வீட்டின் உள்ளளவு மொத்தம் 800 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பெரிய ரூம் பாத்ரூமோடு 180, நடு ரூம் 120, சின்ன ரூம் 100. மூன்றும் சேர்ந்து 400, அதாவது வீட்டில் பாதி. ஆகவே வாடகையில் பாதி, 15,000 ரூபாய், ரூம்களுக்கு. மீதி 15,000 பொது இடத்துக்கு.

பொது இடம் தலைக்கு 3,750. ரூம் பங்கு சதுர அடிக்கு 37.50 ரூபாய் வருகிறது. பெரிய ரூமுக்கு 6,750, அதை இரண்டு பேர் பிரித்தால் ஆளுக்கு 3,375. நடு ரூமுக்கு 4,500. சின்ன ரூமுக்கு 3,750. கூட்டினால் பெரிய ரூம்காரர்கள் ஆளுக்கு 7,125, நடு ரூம்காரர் 8,250, சின்ன ரூம்காரர் 7,500. மொத்தம் 30,000.

வாடகை முழுவதையும் ரூம் சைஸுக்கு மட்டும் பிரிக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பெரிய ரூமில் இருக்கும் இருவரும் ஆளுக்கு 6,750 கொடுப்பார்கள், நடு ரூம்காரர் மட்டும் 9,000 கொடுப்பார். கிச்சனையும் ஹாலையும் இரண்டு பேர் பயன்படுத்தியும் ஒரு ரூம் என்ற கணக்கில் அது அடங்கிப்போகிறது. அதனால்தான் பொது இடத்தை முதலில் தனியே எடுக்கச் சொல்கிறேன்.

இருக்கறதிலேயே சின்ன ரூம் என்னோடது. ஆனா பெரிய ரூம்ல இருக்கறவங்களைவிட நான் 375 ரூபாய் அதிகம் கொடுக்கறேன். இது எப்படி நியாயம்?

உங்களுக்கு 100 சதுர அடி தனியாக இருக்கிறது. அவர்களுக்கு ஆளுக்கு 90, அதுவும் கதவைச் சாத்தினாலும் இன்னொருவர் உள்ளே இருக்கிறார். கணக்கு அந்த அளவில் சரி.

ஆனால் டேப் எல்லாவற்றையும் அளக்காது. மேற்குப் பார்த்த சுவர், மேலே மொட்டை மாடி, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், இதெல்லாம் சதுர அடியில் வராது. அதனால் கணக்குப் போட்டபின் ஒரு சோதனை வையுங்கள். "இந்த விலைக்கு யாராவது ரூம் மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?" என்று எல்லாரிடமும் கேளுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் விலை சரி. இரண்டு பேர் நடு ரூமுக்கு ஆசைப்பட்டால் அதன் விலை குறைவு என்று அர்த்தம். அதை 250 ரூபாய் ஏற்றி, யாரும் விரும்பாத ரூமில் அந்த 250ஐக் குறைத்து, மறுபடி கேளுங்கள். அவரவர் எடுத்த ரூம் அவரவருக்குப் பிடித்ததாக அமைகிற விலை, சில எளிய நிபந்தனைகளுக்குள் எப்போதும் உண்டு என்று கணித அறிஞர் ஃபிரான்சிஸ் சூ 1999இல் நிறுவியிருக்கிறார். ஆகவே இரண்டு மூன்று சுற்று பேரம் பேசுவது வீண் வேலை இல்லை. சதுர அடிக் கணக்கைப் பேச்சின் தொடக்கமாக வையுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

இந்தப் பேச்சு குடிபோகும் முன்பே நடக்கவேண்டும். கட்டிலைப் போட்டபின் யாரும் உண்மையான விருப்பத்தைச் சொல்லமாட்டார்கள்.

அட்வான்ஸ், மெயின்டனன்ஸ்?

அட்வான்ஸ் வாடகைப் பங்கின் விகிதத்திலேயே. மெயின்டனன்ஸும் தண்ணி லாரியும் தலைக்குச் சமம்.

ரெண்டு ரூம்ல ஏசி இருக்கு, என் ரூம்ல இல்ல. ஏசிக்குத் தனி மீட்டர் போட்டு, மொத்த பில்லை மொத்த யூனிட்டால வகுத்து, ஏசி யூனிட்டை மட்டும் அவங்ககிட்ட வாங்கறோம். அப்பவும் எனக்கு ஏசி வராத காலத்தைவிட அதிகமாவே வருது. ஏன்?

நம் மின்வாரியக் கட்டணத்தில் எல்லா யூனிட்டும் ஒரே விலை இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். யூனிட் ஏற ஏற அடுத்த யூனிட்டின் விலையும் ஏறுகிறது. சராசரி போட்டால் ஏசி ஏற்றிவிட்ட விலையில் உங்கள் ஃபேனும் லைட்டும் ஓடியதாகக் கணக்கு வரும்.

2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். எண்கள் முழுசாக இருப்பதால் புரிய எளிது. 2024 ஜூலையில் இவை சற்று ஏறின, ஆனால் அடுக்குகள் அப்படியேதான் இருந்தன. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100க்கு யூனிட் 2.25, அதற்கடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் 2.25 என்ற சலுகையே போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாம் 4.50. அதற்கு மேல் 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதன்பின் 11.

இந்த 500 என்ற கோட்டைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். அதில் 8 ரூபாய்தான் அந்த யூனிட்டுக்கு, மற்ற 225 முன்பே ஓடிய யூனிட்டுகளில் பறிபோன சலுகை.

இப்போது உங்கள் வீடு. மே மாதம் வந்த பில் 840 யூனிட், 4,950 ரூபாய் என்று வைப்போம். தனி மீட்டர்படி பெரிய ரூம் ஏசி 300, நடு ரூம் ஏசி 180. இரண்டையும் கழித்தால் ஃபேன், ஃப்ரிட்ஜ், லைட், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து 360.

நீங்கள் இப்போது செய்கிற சராசரி முறையில் யூனிட் 5.89 ரூபாய் வருகிறது. பொது 360க்கு 2,121 ரூபாய், உங்கள் பங்கு 530.

ஏசியே இல்லாமல் இந்த வீடு 360 யூனிட் மட்டும் ஓட்டியிருந்தால் பில் எவ்வளவு? முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 225, மீதி 160க்கு 720. மொத்தம் 945. உங்கள் பங்கு 236 ரூபாய். சராசரி முறையில் நீங்கள் ஏறக்குறைய 294 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் ஓட்டாத ஏசி ஏற்றிய அடுக்குக்கான பணம் அது.

ஆகவே இப்படிப் பிரிக்கச் சொல்வேன். ஏசி இல்லாத பில்லை முதலில் போடுங்கள், 945. அது நாலு பேருக்கும் சமம், ஆளுக்கு 236.25. வந்த பில்லிலிருந்து அதைக் கழியுங்கள். 4,950இல் 945 போக 4,005. இது முழுக்க ஏசிக்காரர்களுடையது. 480 யூனிட்டால் வகுத்தால் ஏசி யூனிட் ஒன்றுக்கு 8.34 ரூபாய். பெரிய ரூம் ஏசிக்கு 2,503, இருவர் பிரித்தால் ஆளுக்கு 1,252. நடு ரூமுக்கு 1,502. பொதுப் பங்கையும் சேர்த்தால் பெரிய ரூம்காரர்கள் ஆளுக்கு 1,488, நடு ரூம்காரர் 1,738, நீங்கள் 236.

இப்போதைய கட்டணத்துக்கு நீங்கள் கையால் அடுக்கு போடவேண்டியதில்லை. மின்வாரிய இணையதளத்தில் யூனிட்டைக் கொடுத்தால் பில் தொகையைக் காட்டும் பக்கம் இருக்கிறது. பொது யூனிட்டை மட்டும் அதில் போட்டுப் பாருங்கள், 945க்குப் பதிலாக எந்த எண்ணை எடுக்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

நான் ஏசி ரூம்காரன். 100 யூனிட் இலவசம் வீட்டுக்குத்தானே, எனக்கும் பங்கு இல்லையா? ஃப்ரிட்ஜ் கூடத்தான் அடுக்கை ஏத்துது.

இலவசத்தில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. பொது 360இல் நாலில் ஒரு பங்கு உங்களுடையது, அதில் இலவசமும் சலுகையும் உங்களுக்கும் சேர்ந்தே வருகிறது. ஏசிக்கும் தனியாக இன்னொரு பங்கு கேட்டால்தான் சிக்கல்.

ஃப்ரிட்ஜும் ஏசியும் மீட்டருக்கு ஒன்றுதான், எது முதலில் ஓடியது என்று அதற்குத் தெரியாது. அதனால் வரிசையை நாம்தான் முடிவு செய்கிறோம். நாலு பேரும் எப்படியும் செய்கிற செலவை அடியிலும், சிலர் மட்டும் விரும்பிச் சேர்க்கிற செலவை மேலேயும் வைப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. டிசம்பர், ஜனவரி பில்லை எடுத்துப் பாருங்கள். ஏசி நின்றவுடன் வீடு 500க்குக் கீழே இறங்கினால், ஏற்றியது எது என்பதில் சந்தேகம் இல்லை.

ஒரு இடத்தில் உங்கள் வாதம் எடுபடும். ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஏசி இல்லாமலே 520 யூனிட் ஓடுகிறது என்றால், சலுகை போனதற்கு ஏசி காரணம் இல்லை. அங்கேயும் இதே முறைதான், ஆனால் 520க்கான பில் பொதுவில் போய்விடும். அந்த 225 ரூபாய் இழப்பு ஏசிக்காரர் தலையில் விழாது.

இரண்டு ஏசிக்காரர்களுக்குள் இன்னொரு மனத்தாங்கல் வரும். நடு ரூம் ஏசி மட்டும் ஓடியிருந்தால் அதன் செலவு யூனிட்டுக்கு 7.36 ரூபாய்தான் ஆகியிருக்கும். பெரிய ரூம் ஏசியும் ஓடியதால் 8.34 ஆகிவிட்டது. பெரிய ரூம் மட்டும் ஓடியிருந்தால் அவர்களுக்கும் 7.82தான். இரண்டும் சேர்ந்து ஓடியதால் வந்த கூடுதல் 335 ரூபாய். யாருடைய ஏசி மேலே என்று பிரிக்க வழியில்லை, அதனால் யூனிட் விகிதத்தில் போவதே சண்டையில்லாத வழி.

தனி மீட்டர் எப்படிப் போடறது? ஹவுஸ் ஓனர் விடுவாரா?

பெரும்பாலான வீடுகளில் ஏசிக்குத் தனி லைனும் தனி எம்சிபியும் இருக்கும். எலெக்ட்ரீஷியன் அந்த லைனில் ஒரு சிங்கிள் ஃபேஸ் சப் மீட்டரை மாட்டிக்கொடுப்பார். சுவரை உடைக்கவேண்டாம், காலி செய்யும்போது கழற்றிவிடலாம். இதைச் சொன்னால் ஓனர்கள் பொதுவாக மறுப்பதில்லை, ஆனால் கேட்காமல் செய்யாதீர்கள்.

யூனிட் காட்டும் ஸ்மார்ட் பிளக்கும் போதும். 16 ஆம்பியர் என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். ஏசி மணிக்கணக்கில் தொடர்ந்து கரண்ட் இழுக்கும். 10 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சூடாகி உருகும் ஆபத்து இருக்கிறது.

மாட்டியவுடன் ஒருமுறை சரிபாருங்கள். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்து, ஏசியை மட்டும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, மெயின் மீட்டரும் சப் மீட்டரும் ஒரே அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். மெயின் மீட்டரின் திரையில் எண்கள் மாறி மாறி வரும், வோல்டேஜ், தேதி, வேறு அளவுகள் எல்லாம் ஓடும். பக்கத்தில் kWh என்று காட்டும்போது வருகிற எண்தான் யூனிட். kVAh என்பதைக் குறித்துவிட்டால் கணக்கு இடிக்கும்.

மின்வாரிய ஊழியர் ரீடிங் எடுக்கிற அன்றே சப் மீட்டர்களையும் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிடுங்கள். நாலு நாள் தள்ளி எடுத்தால், கோடையில் அந்த நாலு நாளில் மட்டும் 20 யூனிட் ஏசியின் பக்கம் தப்பாக ஏறும்.

மீட்டர் போட வசதி இல்ல. உத்தேசமா எப்படிக் கணக்கிடறது?

ஏசியின் முகப்பில் நட்சத்திர ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒரு வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துச் சொன்னது. ஸ்டிக்கரில் 960 என்று இருந்தால் மணிக்கு 0.6 யூனிட். இரவு எட்டு மணி நேரத்துக்கு 4.8, அறுபது இரவுக்கு 288.

சென்னைக் கோடையில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள ரூமில், 20 டிகிரியில் வைத்தால் இதைவிட நன்றாகவே கூடும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் அப்படித்தான். அதனால் ஸ்டிக்கர் கணக்கோடு நிற்காமல் ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். படுக்கும்போது மெயின் மீட்டரைக் குறித்து, ஏசியை ஓட்டி, காலையில் மறுபடி குறியுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு ஏசி இல்லாமல் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓர் இரவின் ஏசி. இரண்டு ஏசி இருந்தால் தனித்தனி இரவில் செய்யவேண்டும். ஓடிய இரவுகளை மட்டும் காலண்டரில் டிக் அடித்துவந்தால் போதும்.

கத்திரி வெயில்ல நானும் பாயை எடுத்துக்கிட்டு ஏசி ரூமுக்குப் போயிடறேன். நான் எவ்வளவு தரணும்?

மேலே உள்ள கணக்கில் பெரிய ரூம் ஏசி ஓர் இரவுக்கு 5 யூனிட், 8.34 வீதம் ஏறக்குறைய 42 ரூபாய். மூன்று பேர் படுத்தால் ஆளுக்கு 14. பத்து இரவு படுத்தால் 140 ரூபாய். இதைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றாலும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வாய்விட்டுச் சொல்லாத கணக்குதான் ஜூலையில் வேறு ஏதோ ஒரு பாத்திரம் கழுவாத சண்டையாக வெளிவரும்.

கீசர், இன்டக்ஷன் அடுப்பு, வீட்டிலிருந்து வேலை செய்யறவர் லேப்டாப், இதுக்கெல்லாமும் தனிக் கணக்கு வேணுமா?

எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். 2 கிலோவாட் கீசர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட். தினமும் ஒருவர் போட்டால் இரண்டு மாதத்தில் 30 யூனிட். வீட்டில் வேலை செய்பவரின் ஃபேன் 75 வாட், லேப்டாப் 65 வாட், ஒன்பது மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.26 யூனிட். மாதம் 22 நாள் என்றால் இரண்டு மாதத்தில் 55 யூனிட். மேலே எடுத்த 2022 கட்டணப்படி பொது அடுக்கில் யூனிட் 4.50 என்பதால் கீசருக்கு 135 ரூபாய், வேலைக்கு 250 ரூபாய் அளவில் வரும்.

கீசரை விட்டுவிடுவேன். அட்டாச்டு பாத்ரூமில் மட்டும் கீசர் இருந்தாலும் விட்டுவிடுவேன். வேலைக்கு இரண்டு மாதத்துக்கு 200 என்று ஒரு தொகை பேசி முடித்துவிடலாம். ஆனால் அவர் பகலிலும் ஏசி போட்டு வேலை செய்கிறார் என்றால் அது ஏசி மீட்டரில் தானாகவே ஏறிவிடும், தனியாகப் பேசவேண்டியதில்லை.

எங்க ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்டா வாங்கறார். அப்பவும் இதே முறையா?

இல்லை. அங்கே அடுக்கு கிடையாது, அதனால் ஏசி யூனிட்டை அந்த ரேட்டால் பெருக்கி ஏசிக்காரரிடம் வாங்கிக்கொண்டு, மீதியைச் சமமாகப் பிரித்தால் முடிந்தது.

வாடகை மாசாமாசம், பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. நடுவுல ஒருத்தர் காலி பண்ணிட்டுப் போயிட்டா?

சாவியைக் கொடுக்கிற அன்று மெயின் மீட்டர், சப் மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். அவர் போகும் நாளன்று சரியான தொகை தெரியாது, ஏனென்றால் அடுக்கு எங்கே போய் நிற்கும் என்பது பில் வந்தபின்தான் தெரியும். நடு ரூம்காரர் முப்பதாம் நாள் போகிறார், அதுவரை அவர் ஏசி 90 யூனிட் ஓடியது என்றால், கடைசியில் வருகிற ஏசி யூனிட் விலையால் அந்த 90ஐப் பெருக்கவேண்டும். பொதுப் பங்கு தங்கிய நாள் கணக்கில் பாதி.

அதனால் அவர் பங்கு அட்வான்ஸைத் திருப்பும்போது, போன கோடை பில்லில் அவர் கொடுத்ததில் பாதியைப் பிடித்துவைத்து, பில் வந்ததும் கணக்குத் தீர்த்து மீதியை அனுப்பிவிடுங்கள். புதிதாக வருகிறவருக்கும் அதே போட்டோதான் ஆரம்ப ரீடிங். மற்றபடி, ஏசிக்காரர்கள் மாதா மாதம் ஓர் உத்தேசத் தொகையை வாடகையோடு சேர்த்துப் பொதுவில் போட்டுவைத்தால், ஜூன் மாதம் வருகிற பெரிய பில்லைக் கட்ட யாரும் யாரையும் துரத்தவேண்டியிருக்காது. பில் கட்டுபவர் யாரோ அவர் பெயரில் அந்தப் பணம் இருக்கட்டும்.